ஸ்டாப் லாஸ் போட்டும் கணக்கு காலியானது ஏன்?

கேள்வி: 2025 அக்டோபர் 11 அதிகாலை, தூங்கிக்கொண்டிருந்தபோது என் பொசிஷன் முழுதும் லிக்விடேட் ஆகிவிட்டது. ஒரு ஆல்ட்காயினை 10 டாலர் விலையில், 500 யுஎஸ்டிடி மார்ஜின் வைத்து, 5 மடங்கு லீவரேஜில் லாங் எடுத்திருந்தேன். 9 டாலரில் ஸ்டாப்-லிமிட்டும் போட்டிருந்தேன், லிமிட் 8.95. காலையில் பார்த்தால் விலை 8.40. ஆனால் என் பணம் இல்லை. இது எப்படி நடக்கும்? எக்ஸ்சேஞ்சிடம் கேட்க வழி உண்டா?

பதில்: உங்கள் ஸ்டாப் லாஸ் வேலை செய்திருக்கிறது. 9 டாலரைத் தொட்டதும் அது 250 காயினை விற்கும் ஆர்டராக மாறியிருக்கும். ஆனால் 8.95-க்குக் குறைந்து விற்காதே என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள். அந்த விலையில் வாங்க ஆளே இல்லாததால் ஆர்டர் அப்படியே நின்றது, விலை அதைத் தாண்டிப் போய்விட்டது. வாங்க ஏன் ஆள் இல்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

லீவரேஜ் எடுத்த ஒவ்வொருவருக்கும், எக்ஸ்சேஞ்ச் அவரைக் கேட்காமலேயே பொசிஷனை மூடும் விலை ஒன்று உண்டு. அதுதான் லிக்விடேஷன் விலை. பொசிஷன் மூடப்படாமல் இருக்கக் கணக்கில் மிஞ்ச வேண்டிய குறைந்தபட்சப் பணமான பராமரிப்பு மார்ஜின் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம் (காயினைப் பொறுத்தும் பொசிஷன் அளவைப் பொறுத்தும் இது கூடும்). உங்களோடு அதே 10 டாலரில் நுழைந்தவர்களில், 25 மடங்கு எடுத்தவருக்கு அந்த விலை 9.70. 20 மடங்குக்கு 9.60. 10 மடங்குக்கு 9.09. உங்கள் 5 மடங்குக்கு 8.08. அதாவது சந்தைக்குக் கீழே, யார் கண்ணுக்கும் தெரியாமல், கட்டாய விற்பனை அடுக்கடுக்காகக் காத்திருக்கிறது. இந்த ஆர்டர்கள் ஆர்டர் புக்கில் முன்கூட்டியே தெரியாது. விலை தொட்ட பிறகுதான் பிறக்கும்.

அன்று நடந்ததைப் பாருங்கள். அமெரிக்க வெள்ளிக்கிழமை மாலை, நமக்குச் சனிக்கிழமை அதிகாலை சுமார் 2:20-க்கு, சீனப் பொருள்களுக்குக் கூடுதலாக 100 சதவீத வரி என்று டிரம்ப் அறிவித்தார். பங்குச் சந்தைகள் மூடியிருந்தன. பயந்தவர்கள் உடனே விற்கக்கூடிய பெரிய சந்தை கிரிப்டோதான். அடுத்த அரை மணி நேரத்தில், 2:50-ஐ ஒட்டி, பெரும்பாலான காயின்கள் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டன. ஒரே நாளில் 1,22,000 டாலர் அளவில் இருந்த பிட்காயின் 1,05,000-க்கும் கீழே போனது.

உங்கள் காயினில் இது எப்படி ஓடியிருக்கும் என்று ஒரு கற்பனைக் கணக்காகச் சொல்கிறேன். செய்தியைப் பார்த்தவர்கள் விற்றதில் விலை 9.70-க்கு வருகிறது. இதுவரை எல்லாம் மனிதர்கள் யோசித்து விற்றது. இப்போது 25 மடங்குக்காரர்களின் 80,000 காயின் மார்க்கெட் ஆர்டராக வந்து விழுகிறது. என்ன விலை கிடைத்தாலும் சரி, விற்றாக வேண்டிய ஆர்டர் அது. 9.70-க்கும் 9.60-க்கும் நடுவே 30,000 காயினுக்குத்தான் வாங்குவோர் இருக்கிறார்கள் என்றால், மிச்சம் 50,000 இன்னும் கீழே போய்த்தான் விற்கும். அந்தப் போக்கிலேயே 9.60 உடைகிறது, 20 மடங்குக்காரர்களின் குவியல் சேர்ந்துகொள்கிறது. அவர்களுடைய விற்பனை விலையை 9.09-க்குத் தள்ளுகிறது. அங்கே 10 மடங்குக் கூட்டம் நிற்கிறது. உங்கள் 9 டாலர் ஸ்டாப் சரியாக அதற்கு அடியில் இருந்தது! அந்தக் குவியல் விழும்போது விலை 9.05-இல் இருந்து நேராக 8.60-க்குக் குதித்திருக்கலாம். நடுவில் 8.95 என்று ஒரு வியாபாரமே நடந்திருக்காது.

விற்பவர்கள் கூடியது ஒரு பாதி. வாங்குவோர் விலகியது மறு பாதி. ஆர்டர் புக்கில் நாம் பார்க்கும் வாங்கும் ஆர்டர்களில் பெரும் பங்கு, வாங்கவும் விற்கவும் இரு பக்கமும் ஆர்டர் போட்டு வைக்கும் மார்க்கெட் மேக்கர்களுடையது. விலை தாறுமாறாக ஆடினால் அவர்களுடைய நிரல் ஆர்டர்களை நொடிக்குள் திரும்ப எடுத்துவிடும். அப்படி எடுப்பதைக் குற்றம் சொல்லவும் முடியாது, வாங்கிக்கொண்டே இருக்க அவர்கள் யாருக்கும் கடமைப்படவில்லை. அன்றிரவு பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சில், காயினை நேரடியாக வாங்கி விற்கும் ஸ்பாட் சந்தையில், சுமார் 4 டாலர் விலையுள்ள ATOM என்ற காயின் ஒரு கணம் 0.001 டாலரில் விற்பனையானது. வேறு வாங்குவோர் இல்லாத நிலையில், சில ஜோடிகளில் 2019-இல் யாரோ போட்டு மறந்த ஆர்டர்கள் வரை நிறைவேறின என்று அந்த எக்ஸ்சேஞ்ச் பிறகு விளக்கியது.

மார்க் பிரைஸ் நம்மைக் காக்காதா என்று கேட்பீர்கள். லிக்விடேஷனை முடிவு செய்வது கடைசி வியாபார விலை அல்ல, பல சந்தைகளின் ஸ்பாட் விலையை அடிப்படையாகக் கொண்ட மார்க் பிரைஸ்தான். ஒரே சந்தையில் விழும் ஊசி போன்ற சரிவிலிருந்து அது காக்கும். எல்லாச் சந்தைகளும் சேர்ந்து விழுந்தால் அதுவும் கூடவே விழும். உங்களுக்கு அது 8.08-ஐத் தொட்டிருக்கிறது, அதோடு கதை முடிந்தது.

அதற்குப் பிறகு நடப்பது உங்கள் திரையில் தெரியாது. மார்ஜின் முழுதும் கரையும் விலை உங்களுக்கு 8 டாலர். உங்கள் 250 காயினை லிக்விடேஷன் என்ஜின் 7.60-க்குத்தான் விற்க முடிந்தது என்றால், காயினுக்கு 40 சென்ட் வீதம் 100 டாலர் பள்ளம். அதை எக்ஸ்சேஞ்சின் காப்பீட்டு நிதி ஏற்கும். நிதி தாங்காத அளவுக்குப் போனால், விலை இறங்கும் என்று பொசிஷன் எடுத்து லாபத்தில் இருக்கும் ஷார்ட்காரர்களின் பொசிஷனைக் கட்டாயமாக மூடி ஈடுகட்டுவார்கள். இதற்கு ஏடிஎல் என்று பெயர். அன்று ஹைப்பர்லிக்விட் எக்ஸ்சேஞ்ச் உட்படப் பல இடங்களில் இது நடந்தது. ஸ்பாட்டில் காயினை வைத்துக்கொண்டு பாதுகாப்புக்கு ஷார்ட் போட்டிருந்தவர்களுக்கு, சரியாகத் தேவைப்படும் நேரத்தில் அந்தப் பாதுகாப்பு பறிபோனது. அவர்களில் மார்க்கெட் மேக்கர்களும் உண்டு. அவர்கள் வாங்காமல் ஒதுங்க இது இன்னொரு காரணம்.

மொத்தம் சுமார் 1,900 கோடி டாலர் பொசிஷன்கள் லிக்விடேட் ஆனதாகக் காயின்கிளாஸ் தளம் கணக்குக் காட்டியது. உண்மை அதைவிட அதிகமாகவே இருக்கும். பைனான்ஸ் பொதுவில் அனுப்பும் தரவு, ஒரு காயினுக்கு நொடிக்கு ஒரு லிக்விடேஷனை மட்டுமே காட்டும்.

கட்டாய விற்பனை தீர்ந்ததும் விலை திரும்பும். விற்றவர்கள் யாரும் அந்த விலைதான் சரி என்று நினைத்து விற்கவில்லை. காலையில் நீங்கள் பார்த்த 8.40 அப்படி வந்ததுதான்.

இனி, எக்ஸ்சேஞ்சிடம் கேட்பது. பைனான்ஸ் அப்போது சுமார் 28.3 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது உண்மை. ஆனால் அது முதன்மையாக யுஎஸ்டிஇ, டபிள்யூபெத், பிஎன்சோல் ஆகிய மூன்று காயின்களைப் பிணையாக வைத்தவர்களுக்கு. ஒரு டாலர் இருக்க வேண்டிய யுஎஸ்டிஇ அந்தச் சந்தையில் மட்டும் 0.65 வரை சரிந்து, பிணையின் மதிப்பே சுருங்கியதால் அவர்கள் லிக்விடேட் ஆனார்கள். உங்கள் மார்ஜின் யுஎஸ்டிடி. அதன் மதிப்பு குலையவில்லை, எனவே அந்த வகையில் வாதாட இடமில்லை. லிக்விடேஷன் நடந்த நொடியின் மார்க் பிரைஸைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது உங்கள் பொசிஷனின் உண்மையான லிக்விடேஷன் விலைக்கு மேலே இருந்திருந்தால் மட்டும் புகார் எழுதலாம்.

ஸ்டாப்-லிமிட்டுக்குப் பதில் ஸ்டாப்-மார்க்கெட் போட்டிருந்தால் 8.60 போல ஏதோ ஒரு மோசமான விலையில் வெளியேறி, 500-இல் சுமார் 150 டாலர் மிஞ்சியிருக்கும். லீவரேஜை 2 மடங்காகக் குறைத்திருந்தால் லிக்விடேஷன் விலை 5.05. உங்கள் காயினுக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். அன்றிரவு பாதி விலைக்கும் கீழே போன ஆல்ட்காயின்கள் பல, அவற்றில் 2 மடங்குக்காரர்களும் தப்பவில்லை.