உறை ஊற்றும் நேரத்தில் ஊறப்போடுங்கள்

அன்புள்ள அக்கா,

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம். முந்தின நாளே ஊறப்போட வேண்டியதை மறந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய தலைவலி. போனில் தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு 'கிச்சன்' என்று ஓர் அலாரம் வைத்தேன். ஒரு வாரம் எழுந்து போய்ப் பார்த்தேன், அப்புறம் கை தானாக அணைத்துவிடுகிறது. போன வாரம் பூரிக்கு சன்னா என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஊறப்போடாமலே படுத்துவிட்டேன், காலையில் எத்தனை விசில் விட்டும் நடுவில் கல் மாதிரியே இருந்தது. இட்லி மாவும் அப்படித்தான், அலாரம் அடிக்கிறபோது அரிசியே ஊறியிருக்காது. எப்படி வைத்தால் சரியாக வரும்?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் வீட்டில் ராத்திரி பாலுக்கு உறை ஊற்ற யாராவது அலாரம் வைக்கிறார்களா? எங்கள் வீட்டில் இல்லை, எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் இல்லை. ஆனாலும் தயிர் தப்புவது அபூர்வம். காரணம், பால் கண்ணெதிரே அடுப்பு மேல் ஆறிக்கொண்டிருக்கிறது, அதற்கு ஒரு வழி செய்யாமல் சமையலறை விளக்கை அணைக்க முடியாது. அந்தப் பால் பாத்திரமே ஞாபகமூட்டல். கடலையும் பயறும் அலமாரிக்குள் டப்பாவில் இருக்கின்றன, ஒன்பதரைக்கு நீங்கள் கட்டிலில் இருக்கிறீர்கள், போன் உங்கள் கையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் முழு வீடே இருக்கிறது.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அந்தத் தினசரி அலாரத்தை எடுத்துவிடுவது. வாரத்தில் உண்மையிலேயே ஊறப்போட வேண்டிய ராத்திரி இரண்டோ மூன்றோதான் இருக்கும். மற்ற நாளெல்லாம் அது சும்மா அடிக்கிறது, சும்மா அடிப்பதை அணைத்து அணைத்துத்தான் கை பழகிவிட்டது. துவரம் பருப்புக்கு அரை மணி நேரம் போதும், பாசிப்பருப்புக்கு அதுவும் வேண்டாம், இதற்கெல்லாம் ராத்திரியில் எழுந்து போக வேண்டியதே இல்லை. கொண்டைக்கடலை கறுப்பு, வெள்ளை, காய்ந்த மொச்சை, காய்ந்த பட்டாணி, ராஜ்மா, இந்த ஐந்துதான் எட்டு மணி நேரமாவது கேட்கிற சாமான். தட்டைப்பயறும் பச்சைப்பயறும் ராத்திரி போட்டால் நல்லது, மறந்தால் குக்கரில் சமாளித்துவிடலாம்.

இந்த ஐந்தையும் உறை ஊற்றும் வேலையோடு சேர்த்துவிடுங்கள். ராத்திரி சாப்பாடு முடிந்து அடுப்பு மேடையைத் துடைக்கும்போது, பால் ஆறுகிற அந்தப் பத்து நிமிடத்தில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாத்திரம். அவ்வளவுதான். ஒன்பது மணிக்குப் போட்டால் காலை ஆறு மணிக்கு ஒன்பது மணி நேரம் ஆகியிருக்கும், கடலைக்கு அது தாராளம். போன் இல்லாமல் முடியாது என்றால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எந்த நாள் வேண்டுமோ அந்த நாளுக்கு மட்டும், ஒன்பதரைக்கு வேண்டாம், நீங்கள் சமையலறையில் நின்றுகொண்டிருக்கும் நேரத்துக்கு. எட்டரை என்று வைத்துக்கொள்ளலாம். 'கிச்சன்' என்று எழுதாதீர்கள். "வெள்ளைக் கடலை ஒரு டம்ளர், மேல் தட்டு, மூன்று டம்ளர் தண்ணீர்" என்று எழுதுங்கள். களைத்துப் போன நேரத்தில் என்ன என்று யோசிக்க வேண்டியிருந்தால் அதுவே அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடும். உங்கள் கணவர் அந்தச் செய்தியைப் பார்த்தாலும், உங்களைக் கேட்காமலே அவர் போட்டுவிட முடிய வேண்டும்.

தண்ணீர் மூன்று மடங்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கடலை ஊறினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், தண்ணீர் குறைவாக இருந்தால் மேலே இருப்பவை வெளியே தலைகாட்டிக்கொண்டு காய்ந்தே கிடக்கும். ஊறிவிட்டதா என்று பார்ப்பது சுலபம். ஒன்றை எடுத்து நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே முழுக்க ஒரே நிறமாக இருந்தால் சரி. நடுவில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்த பொட்டு தெரிந்தால் இன்னும் ஊறவில்லை, அந்தப் பொட்டுதான் குக்கரில் கல்லாக நின்றது. ராஜ்மாவிலும் மொச்சையிலும் முதலில் தோல் மட்டும் தண்ணீரைக் குடித்துச் சுருங்கிப்போகும், அதைப் பார்த்துவிட்டு ஊறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது, மறுபடியும் தோல் இழுத்துப் பிடித்தாற்போல் வழுவழுவென்று ஆக வேண்டும். ஒன்பது மணி நேரம் ஊறியும் வேகவில்லை என்றால் ஒன்று கடலை பழசு, இல்லையென்றால் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. ஊறவும் வேகவும் குடிதண்ணீரை ஊற்றிப் பாருங்கள், அப்போதும் வேகாவிட்டால் கடலையை மாற்றுங்கள்.

மாவு கதை வேறு. இதைத்தான் உங்கள் கடிதத்தில் கடைசியாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. இட்லி மாவுக்கு ராத்திரி ஞாபகமூட்டல் எப்போதுமே பிந்திவிட்டது. அது பகலில் அடிக்க வேண்டிய மணி.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தட்டில் இட்லி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போவோம். ஆறே முக்காலுக்குக் கொப்பரை ஆவியில் இருக்க வேண்டும். ஈரோட்டு வெயில் காலத்தில் மாவு பொங்க எட்டு மணி நேரம் போதும், மார்கழியில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் கூட ஆகும். நடுத்தரமாகப் பத்து என்று எடுத்தால் ஞாயிறு ராத்திரி எட்டரைக்குள் மாவைக் கரைத்து மூடியாக வேண்டும். உளுந்து அரைபட அரை மணி, அரிசி இருபது நிமிடம், கல்லைக் கழுவுவதும் வழிப்பதும் சேர்த்தால் ஒரு மணி நேரம், ஆக ஏழரைக்கு கிரைண்டர் ஓட வேண்டும். உளுந்துக்கு ஊற ஒன்றரை மணி நேரம், அது ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்க வேண்டும். அரிசிக்கு நான்கு மணி நேரம், அது மதியம் மூன்றரைக்கு. நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உருட்டு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம், வெந்தயத்தை உளுந்தோடு போட்டுவிடலாம். ஆக மூன்றரை, ஆறு, ஏழரை, மூன்று மணிகள். ஒன்பதரை இதில் எங்கேயுமே இல்லை, பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பீர்கள், அதனால் இது நடக்கும். வார நாளில் அரைக்க வேண்டி வந்தால் காலையில் டிபன் பாக்ஸ் கட்டும்போதே அரிசியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, உளுந்தைத் தண்ணீரோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். உளுந்தை வெளியில் பத்து மணி நேரம் விட்டால் வழவழத்துப்போய் வாடை வந்துவிடும், அரைத்தால் பந்து மாதிரி எழும்பாது. ஃப்ரிட்ஜில் இருந்தால் அந்தப் பிரச்சினை இல்லை, குளிர்ந்திருப்பதால் கல்லும் சீக்கிரம் சூடாகாது, அது இன்னும் நல்லது. அரிசிக்கு அவ்வளவு பயம் இல்லை, வெயில் காலமாக இருந்தால் அரைக்கும் முன் இரண்டு தண்ணீர் அலசிவிடுங்கள். சாயந்திரம் ஆறரைக்கு வந்து கிரைண்டரைப் போட்டால் எட்டு மணிக்குள் முடிந்துவிடும்.

உளுந்து சரியாக அரைபட்டதா என்பதற்கு ஒரு கிண்ணம் தண்ணீரில் துளி மாவைப் போட்டுப் பாருங்கள், மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும், குளிர்ந்த தண்ணீரைக் கையால் தெளித்துக்கொண்டே இருங்கள். உப்புப் போட்டுக் கையால் கரைத்து, பாத்திரத்தில் பாதி அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். இன்னும் ஒரு மணி தேவைப்படும் என்று நான் நினைப்பது இங்கேதான், காலை ஆறு மணிக்கு "மாவைப் பார்" என்று. சித்திரை, வைகாசியில் மாவு அதற்குள் பொங்கி, இறங்கவே தொடங்கியிருக்கும். இருமடங்காகப் பொங்கி மேலே சிறு சிறு கண்ணாக இருந்தால் இட்லிக்கு எடுத்ததுபோக மீதியை உடனே ஃப்ரிட்ஜில் தள்ளுங்கள். நடுவில் குழிந்து மூக்கில் ஏறுகிற புளிப்பு வந்திருந்தால் அன்றைக்கு இட்லி வேண்டாம், ஊத்தப்பமாக ஊற்றிவிடுங்கள்.

கடலைக்கும் இப்படி ஒரு காலை மணி வைக்கலாம் என்று எனக்குத் தோன்ற ஒரு காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், ராத்திரி கடலையைப் போட்டுவிட்டு, காலையில் ஊரிலிருந்து திடீரென்று அழைப்பு வந்து கிளம்பிவிட்டேன். மதியம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்து மூடியைத் திறந்தால் மேலே வெள்ளை நுரை, தண்ணீர் கொழகொழப்பாக இருந்தது, கொட்ட வேண்டியதாகிவிட்டது. காலையிலேயே தண்ணீரை வடித்து ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் இரண்டு நாள் தாங்கியிருக்கும். வெயில் காலத்தில் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டவே விடக் கூடாது. திட்டம் மாறினால் வடித்து உள்ளே வைத்துவிடுங்கள்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் மறந்துவிட்ட காலைகள் வரும். கடலையாக இருந்தால் நிறையத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு, அடுப்பை அணைத்து மூடி ஒரு மணி நேரம் விடுங்கள், ஹாட் பாக்ஸில் ஊற்றி மூடினால் இன்னும் நல்லது. அப்புறம் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி வழக்கத்தைவிட நான்கு விசில் கூட விட்டால் வெந்துவிடும். காலை டிபனுக்கு அது ஆகாது, மதியக் குழம்புக்கு ஆகும். புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான், முன்னாலேயே சேர்த்தால் கடலை இறுகிவிடும். ராஜ்மாவை மட்டும், ஊறியதோ ஊறாததோ, பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வைக்காமல் மெதுவான சூட்டில் வேகவைத்துச் சாப்பிடக் கூடாது, வயிற்றைப் பிரட்டி வாந்தி வரைக்கும் கொண்டுபோய்விடும், குக்கரில் போட்டால் அந்தக் கவலை இல்லை. மாவுக்கு மட்டும் இந்த மாதிரி குறுக்கு வழி கிடையாது, பொங்குவதற்கு ஆகிற நேரம் ஆகியே தீரும். அன்றைக்கு ரவா உப்புமாவோ கோதுமை தோசையோ ஊற்றிவிடுங்கள்.

இந்தச் சனிக்கிழமை வாரத்துக்கு என்ன சமைப்பது என்று பேசும்போது, ஒரு காகிதத்தில் ஏழு நாளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'நாளைக்கு' என்று ஒரு கட்டம் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். புதன் பூரி சன்னா என்றால் செவ்வாய்க் கட்டத்தில் கடலை, எவ்வளவு, எத்தனை மணிக்கு. வெறுமையாக இருக்கும் கட்டத்துக்கு அலாரம் எதுவும் வைக்காதீர்கள். உறை ஊற்றப் போகிறவர் கண்ணில் படும்படி ஒட்டினால் யார் ஊற்றினாலும் அவரே கடலையையும் போட்டுவிடுவார்.

அன்புடன்.