பம்பு ஓடுகிறது, பேடு நனையவில்லை: அடைப்பு எங்கே?

கேள்வி: எங்கள் வீட்டு டெசர்ட் கூலரில் பம்பு ஓடும் சத்தம் நன்றாகக் கேட்கிறது. தொட்டியில் தண்ணீரும் நிறைய இருக்கிறது. ஆனால் மூன்று பக்கப் பேடும் காய்ந்தே கிடக்கின்றன, வெறும் காற்றுதான் வருகிறது. பம்பை மாற்றிவிடலாமா, அல்லது வேறு எங்காவது அடைப்பா? வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: பம்பை இப்போதே மாற்ற வேண்டாம். மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் காய்ந்திருந்தால் கோளாறு, மூன்றுக்கும் பொதுவான வழியில்தான் இருக்க வேண்டும். அதாவது பம்பு, அதிலிருந்து மேலே ஏறும் டியூப், அந்தத் தண்ணீரை மூன்றாகப் பிரிக்கும் நடு இணைப்பு. இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். அதை நீங்களே செய்யலாம்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தண்ணீர், இரும்புக் கூடு, மின்சாரம் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும் பொருள் இது. பம்பின் ஒயர் உறையில் ஒரு கீறல் இருந்தாலே தொட்டி நீரில் மின்சாரம் கசியும். சோதனைக்காக ஓடவிடும்போதும் பம்பை மட்டும் போடுங்கள், ஃபேன் வேண்டாம். பம்பு ஓடும்போது கையைத் தண்ணீரில் விடாதீர்கள், கூட்டையும் தொடாதீர்கள்.

பின்பக்கப் பேடு சட்டத்தைக் கழற்றி உள்ளே பாருங்கள். பம்பிலிருந்து டியூப் மேலே ஏறி, கூரைக்கு அடியில் ஒரு இணைப்பில் முடியும். அங்கிருந்து ஒவ்வொரு பேடுக்கும் ஒரு கிளை போகும். அந்த இணைப்பிலிருந்து டியூபை உருவுங்கள். உருவிய முனையை அதே உயரத்தில், வாய் தொட்டியைப் பார்த்தபடி, ஒரு கயிற்றால் கட்டி வையுங்கள். இப்போது பிளக்கைப் போட்டு, எட்டி நின்று பம்பை ஓடவிடுங்கள்.

அதே உயரத்தில் என்பது முக்கியம். பலர் டியூப் முனையைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே பிடித்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் பொங்கி வருகிறதே, பம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தச் சிறு பம்புகளுக்குத் தூக்கும் உயரம் குறைவு. எவ்வளவு என்று பம்பின் மேலேயே மீட்டரில் போட்டிருக்கும். தேய்ந்த பம்பு தரைமட்டத்தில் நன்றாகக் கொட்டும், ஒரு மீட்டர் ஏறுவதற்குள் மூச்சு விட்டுவிடும். மேலே கட்டிய முனையிலிருந்து விழும் நீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடிக்க முடிந்தால் கணக்குத் தெளிவாகிவிடும். பாட்டிலைப் பம்பு நின்றிருக்கும்போதே அங்கே கட்டிவிடுங்கள். பத்து விநாடி வாக்கில் நிரம்பினால் மூன்று பேடுக்குப் போதும். அரை நிமிடத்துக்கு மேல் இழுத்தால் போதாது. இது என் அனுபவக் கணக்குதான், ஆனால் இதுவரை என்னை ஏமாற்றியதில்லை.

தண்ணீர் வரவில்லை, அல்லது நூல்போல வருகிறது என்றால் அடைப்பு கீழே. பம்பை வெளியே எடுத்து, அடிப்பக்கச் சல்லடையைப் பாருங்கள். பாசியும் பேடிலிருந்து உதிர்ந்த நாரும் அதில் கம்பளிபோல ஒட்டியிருக்கும். பெரும்பாலான பம்புகளில் முன்மூடி கையால் கழன்றுவிடும். உள்ளே சின்ன இறக்கைச் சக்கரம் இருக்கும், அதுதான் இம்பெல்லர். அதன் அச்சில் நார் சுற்றிக்கொண்டால் பம்பு ரீங்காரம் போடும், சக்கரம் சுற்றாது. நீங்கள் கேட்பது ஓடும் சத்தமா, சிக்கிக்கொண்ட ரீங்காரமா என்பது இங்கேதான் தெரியும். நாரை எடுத்து, விரலால் சுற்றிப் பாருங்கள். சக்கரம் அச்சிலிருந்து கழன்று தனியாகச் சுழன்றால் மட்டும் பம்பை மாற்றலாம். திரும்ப வைக்கும்போது தண்ணீருக்கு அடியில் பம்பை ஒருமுறை சாய்த்து, குமிழி எல்லாம் வெளியேறும்வரை பிடியுங்கள். உள்ளே காற்று நின்றுவிட்டால் நல்ல பம்பும் தண்ணீர் ஏற்றாது.

பம்பு சரி, ஆனாலும் மேலே வரவில்லையா? டியூப் எங்காவது மடிந்திருக்கும், அல்லது உட்புறம் பாசி படிந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரிந்துவிடும். மேல் முனையிலிருந்து கீழாக, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சுங்கள். வாயால் ஊத வேண்டாம், அது பல நாள் தேங்கிய தண்ணீர். டியூப் முனை இறுகி வெடித்திருந்தால் அந்த அங்குலத்தை வெட்டிவிட்டு மாட்டி, கிளிப் போடுங்கள்.

மேலே கட்டிய முனையில் தண்ணீர் தாராளமாகக் கொட்டினால் பம்பைப் பற்றிய பேச்சே தேவையில்லை. அடைப்பு மேலே இருக்கிறது. என் கைக்கு வரும் காய்ந்த பேடு கூலர்களில் அதிகம் இந்த வகைதான்.

ஒரு நண்பர் வீட்டில் இதே நிலை. நான் போவதற்குள் இரண்டு புதுப் பம்பு மாற்றியிருந்தார்கள். மேல் முனையில் பாட்டில் ஒன்பது விநாடியில் நிரம்பியது. இணைப்பில் மாட்டியதும் பேடுகளுக்கு ஒன்றும் போகவில்லை, இணைப்பின் இடுக்கு வழியாகத் தண்ணீர் வழிந்து தொட்டிக்கே திரும்பியது. கேட்பவருக்கு நன்றாக ஓடுவதுபோலச் சலசலவென்று சத்தம்! இணைப்பைத் திறந்தால், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நார் உருண்டை. சுற்றிலும் வெள்ளையாக உப்பு இறுகி, சிமெண்டு வைத்துப் பூசியதுபோல இருந்தது. அதை எடுத்ததும் மூன்று கிளையிலும் தண்ணீர் போனது. ஆனால் ஒவ்வொரு பேடின் மேலும் இருக்கும் துளைத் தட்டில் பதினெட்டுத் துளை, நீர் சொட்டியதோ நான்கில் மட்டும்.

இந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது? பேடிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு உப்பு தொட்டிக்கே திரும்புகிறது. நீங்கள் மேலே மேலே நிரப்ப, அது கெட்டியாகிக்கொண்டே போகிறது. பம்பை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டும்போது துளையின் வாயில் நின்ற கடைசிச் சொட்டு அங்கேயே காய்ந்து ஒரு மெல்லிய தோலை விடுகிறது. தினமும் ஒரு தோல். துளை வெளியிலிருந்து உள்நோக்கிச் சுருங்கி, ஒரு நாள் மூடிக்கொள்கிறது.

காய்ந்த உப்பை ஊசியால் குத்தாதீர்கள். அது கல்லாக இருக்கும், பிளாஸ்டிக்தான் பிளக்கும். தட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றி, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து ஊறவையுங்கள். வினிகரும் நீரும் சரிபாதி என்றாலும் ஆகும். உப்பின்மேல் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும், அமிலம் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். குமிழி நின்றும் வெள்ளை மிச்சமிருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது, புதிதாகக் கரையுங்கள். ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் பிசுபிசுவென்று இளகிவிடும். கழற்ற முடியாத தட்டு என்றால் துணியை இதில் நனைத்துத் துளைகளின்மேல் போட்டு வையுங்கள். கழிவறை ஆசிட் வேண்டாம், அது கூட்டின் தகட்டைத் துருப்பிடிக்க வைத்துவிடும். ப்ளீச்சிங் பவுடரை இதோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

இளகிய பிறகு, துளையைவிடச் சற்று மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு துளையிலும் விட்டு எடுங்கள். துளையைப் பெரிதாக்க ஆசைப்படாதீர்கள். டிரில் போட்டுப் பெரிதாக்கிய தட்டுகளைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் எல்லாம் முதல் நாலு துளையிலேயே இறங்கிவிடும், கடைசிவரை போகவே போகாது.

உங்கள் கூலரில் திறந்த தட்டுக்குப் பதில் துளையிட்ட குழாய் இருந்தால் இன்னொன்றையும் செய்ய வேண்டும். குழாயின் கடைசி முனையில் மூடி இருக்கும். அதைக் கழற்றிவிட்டு முதலில் பம்பை இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். கம்பி உடைத்துவிட்ட செதில்கள் எல்லாம் அந்த வழியாக அடித்துக்கொண்டு வெளியேறும். மூடியைப் போட்டபடியே ஓட்டினால் அதே செதில்கள் கடைசித் துளைகளில் போய் உட்கார்ந்து, மாலைக்குள் திரும்ப அடைத்துவிடும். சுத்தம் செய்தும் ஒரே நாளில் மறுபடி அடைத்துக்கொண்டது என்று சொல்பவர்களில் பலர் தவறவிட்டது இந்த மூடியைத்தான். முடிந்ததும் தொட்டியை முழுக்க வடித்து, சேற்றை வழித்து, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

நண்பர் வீட்டில் இத்தனையும் செய்த பிறகு இரண்டு பேடு முழுக்க நனைந்தன. இடப்பக்கப் பேடில் மட்டும் முன்பாதி காய்ந்தே நின்றது. துளை எல்லாம் திறந்திருந்தது, கிளையிலும் நீர் வந்தது. கூலரின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. தட்டில் நீர் ஒரு ஓரமாகத் தேங்கி, மறு ஓரத்துத் துளைகளை எட்டவே இல்லை. பின்கால்களுக்கு அடியில் அரை சென்டிமீட்டர் ரப்பர்த் துண்டு வைத்ததும் ஐந்து நிமிடத்தில் அந்தப் பாதியும் கருத்தது.

எல்லாம் மாட்டியதும், பம்பை மட்டும் கால் மணி நேரம் ஓட்டி, பேடைப் பாருங்கள். நனைந்த இடம் கருமையாகவும், காய்ந்த இடம் வெளிறியும் தெரியும். மேலிருந்து கீழாக ஒரு வெளிறிய கோடு ஓடினால், அதற்கு நேர் மேலே உள்ள துளை இன்னும் திறக்கவில்லை. ஒரு பேடு முழுக்க வெளிறியிருந்தால் அதன் கிளை டியூப் மடிந்திருக்கும் அல்லது அடைத்திருக்கும். மேலே நனைந்து கீழே காய்ந்தால் வரும் நீர் குறைவு, பாட்டில் கணக்கை மறுபடி பாருங்கள். துளையிலிருந்து நீர் நன்றாகச் சொட்டியும் பேடுக்குள் இறங்காமல் மேற்பரப்பில் வழிந்து ஓடினால், பேடே உப்பேறி இறுகிப்போயிருக்கிறது. அதை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை, அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இனி இரவில் நிறுத்தும்போது ஃபேனை முதலில் அணையுங்கள், பம்பை ஒரு நிமிடம் கழித்து. ஈரத்தின்மேல் காற்றடித்துத் துளை வாயில் உப்பு காய்வது அதில் குறையும். வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரை முழுதாக வடித்துவிடுங்கள். பம்பைச் சுற்றி வடிகட்டி ஏதாவது கட்ட நினைத்தால் கொசுவலைபோலக் கண் பெரிதான துணி போதும். நெருக்கமான துணியைச் சுற்றினால் இரண்டே நாளில் பம்புக்குத் தண்ணீர் கிடைக்காமல் போய்விடும்.