என்கொயரி படிவத் தகவலை எவ்வளவு நாள் வைப்பது, எப்படி அழிப்பது: கேள்வி பதில்

படிவத்தில் வரும் என்கொயரிகளை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? ஒரு வருடம் சரியா?

உங்கள் பழைய பதிவுகளையே கேளுங்கள். வேலையாக மாறிய என்கொயரிகளை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை நாளில் மாறியது என்று பாருங்கள். நான் உதவிய ஒரு பயிற்சி மையத்தில் மிகத் தாமதமாகச் சேர்ந்தவரே 74ஆம் நாள் சேர்ந்திருந்தார். ஆனால் சேராதவர்களின் போன் நம்பர்கள் 4 வருடமாகக் கிடந்தன. கடைசியாகப் பேசிய நாளிலிருந்து 4 மாதம் என்று வைத்தோம். படிவம் வந்த நாளிலிருந்து எண்ணினால், இன்னும் பேசிக்கொண்டிருப்பவரின் பதிவும் போய்விடும்.

கூகுள் ஃபார்ம்ஸில் மாதாமாதம் பழைய பதில்களை டெலிட் செய்துவிடுகிறேன். அது போதும்தானே?

பாதி வேலை முடிந்திருக்கிறது. ஃபார்மில் அழித்தாலும் இணைத்த ஷீட்டில் அந்த வரிசை அப்படியே இருக்கும். ஷீட்டிலும் அழித்தால், எடிட் உரிமை உள்ளவர் `Version history` திறந்து பழையதைப் பார்க்கலாம். அதனால் தேவையான வரிசைகளை மட்டும் புது ஷீட்டுக்கு மாற்றி, ஃபார்மை அதனோடு இணைத்து, பழைய கோப்பையே நீக்குங்கள். குப்பையையும் காலி செய்யுங்கள். இல்லையென்றால் அங்கே 30 நாள் இருக்கும்.

அப்புறம் ஒரு சோதனை. அழித்த ஒருவரின் மின்னஞ்சல் முகவரியை இன்பாக்ஸிலும், டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும், அலுவலக வாட்ஸ்அப் குழுவிலும் தேடுங்கள். பயிற்சி மையத்தில் இப்படித் தேடியபோது, மூன்று பேருக்குப் போன அறிவிப்பு மெயில்களில் முழு விவரமும் இருந்தது. இப்போது அந்த மெயிலில் "புது என்கொயரி வந்திருக்கிறது" என்ற வரியும் லிங்க்கும் மட்டும்தான்.

ஷீட்டின் லிங்க் எங்கள் குழுவுக்கு மட்டும்தான் தெரியும். வேறு யார் பார்க்கப் போகிறார்கள்?

வேலையை விட்டுப் போனவர் பார்க்கலாம், அவர் ஃபார்வர்ட் செய்தவரும் பார்க்கலாம். `Anyone with the link` என்பதை எடுத்துவிட்டு, என்கொயரிகளுக்குப் பதில் சொல்லும் ஊழியர்களைப் பெயர் பெயராகச் சேர்த்துவிடுங்கள். எண்ணிக்கை மட்டும் கேட்கும் மேலாளருக்கு எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள்.

எங்களுக்கு வருவதில் பாதி ஸ்பேம். கேப்ட்சா போட்டால் இந்தத் தொல்லை தீருமா?

ஸ்பேம் குறையும், ஆனால் அழிக்கும் வேலை தீராது. ஸ்பேமில் உண்மையான ஆள் மாட்டியிருக்கலாம். இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள்.

தன் தகவலை நீக்கச் சொல்லி ஒருவர் எழுதினார். பேக்கப்பில் இருப்பதை என்ன செய்வது?

பேக்கப்பைப் பிரித்து ஒருவரை மட்டும் எடுப்பது பெரும்பாலும் நடக்காது. 30 நாளில் பழைய பேக்கப் தானாக அழியும்படி வைத்து, அந்தக் கெடுவை அவரிடம் சொல்லிவிடுங்கள். நடுவில் ரீஸ்டோர் செய்தால் அவர் பதிவும் திரும்பி வரும். அதற்காக நீக்கியவற்றின் பதிவு எண்களைப் பேர், நம்பர் இல்லாமல் தனியாகக் குறித்துவையுங்கள்; ரீஸ்டோர் முடிந்ததும் அந்த எண்களை மறுபடி அழிக்கலாம்.

அவரே "இனிமேல் தொடர்புகொள்ளாதீர்கள்" என்றும் கேட்டால்? முகவரியை வைக்காமல் எப்படித் தெரியும்?

இதில் எனக்கே முழுத் திருப்தி தரும் வழி இல்லை. முகவரியை மட்டும், வேறெதுவும் சேர்க்காமல், ஒரே ஒருவர் திறக்கும் பட்டியலில் வைக்கிறேன். அப்படி வைக்கிறேன் என்று அவரிடமும் சொல்லிவிடுகிறேன்.