வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் அனுப்பும் மாதக் கணக்கை எப்படிப் படிப்பது? கேள்வி பதில்

மடிப்பாக்கம் உரிமையாளர்: ஜூலைக் கையிருப்பு 3,400. ஆகஸ்டில் வாடகை 27,000, செலவு 12,210, எனக்கு அனுப்பியது 12,000, கையிருப்பு 2,190. கணக்கு சரியா சார்?

இல்லை. 3,400-ஓடு 27,000 சேர்ந்தால் 30,400. செலவும் உங்களுக்கு வந்ததும் போக 6,190 இருக்க வேண்டும். 4,000 குறைகிறது. திருட்டு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் யாருக்காவது முன்பணம் கொடுத்திருப்பார்கள், பில் வராததால் செலவில் எழுதியிருக்க மாட்டார்கள். அதற்கென்று ‘கொடுத்த முன்பணம்’ என்று தனி வரி இருக்க வேண்டும். யாருக்கு, எந்த வேலைக்கு, எந்தத் தேதியில் என்று கேளுங்கள்.

அவரே: கேட்டேன். மொட்டைமாடி வேலைக்குக் கொத்தனாருக்குக் கொடுத்தாராம். செலவில் 6,850 ‘பிளம்பிங்’ என்றும் இருக்கிறது. ஜூன், ஜூலையிலும் பிளம்பிங் இருந்தது. மூன்று மாதமும் அதே பாத்ரூம், கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரம்.

எனக்கு அந்த 4,000-ஐ விட இதுதான் கவலை. ‘பிளம்பிங் 6,850’ என்று மொத்தமாக எழுதிய வரியை ஏற்காதீர்கள். சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு, எந்த இடம் என்று பிரித்து, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படத்தோடு வர வேண்டும். ஒரே பாத்ரூம் மூன்று அறிக்கையில் வந்தால், காரணத்தைக் கண்டுபிடிக்காமலே காசு போகிறது என்று அர்த்தம்.

கண்டுபிடிக்கும் வழி இது. ஒருநாள் அந்த பாத்ரூமை யாரும் புழங்காமல், வால்வை மட்டும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அப்போதும் கீழே சொட்டினால் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்படலாம். குளிக்கும்போது மட்டும் சொட்டினால் தரையோ, வடிகாலோ. சீலிங் காய்ந்ததும் தரையில் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பின் வாயை அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்துங்கள். நிற்கும்போதே கீழே ஈரம் வந்தால் டைல்ஸ் இடுக்கு. அப்போது வராமல், அடைப்பை எடுத்து வடியவிடும்போது வந்தால் டிராப் இணைப்பு. இடுக்கு என்றால் அதில் நிரப்பிய பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எப்பாக்ஸி கிரவுட் போட வேண்டும். மேலே வெள்ளைச் சிமெண்ட் பூசினால் மறுபடியும் விரியும். கிரவுட்டுக்கும் நிற்காவிட்டால், டைல்ஸைப் பெயர்த்து அடியில் நீர்த்தடுப்பு செய்வதைத் தவிர வழியில்லை.

வேளச்சேரி: அட்வான்ஸ் 1,50,000 வந்தது. மேனேஜர் வரவில் போட்டிருக்கிறார்.

அட்வான்ஸ் வருமானம் இல்லை, திருப்பித் தர வேண்டிய பணம். தனி வரியில் காட்டச் சொல்லுங்கள்.

அண்ணா நகர்: ரிப்பேர் பில்லையெல்லாம் சேர்த்து வைத்தால் வரியில் கழிக்கலாம் இல்லையா?

பத்திரப்படுத்துங்கள், ஆனால் அதற்காக இல்லை. வீட்டு வாடகைக்கு 30 சதவீதக் கழிவு ஒரேயடியாகக் கிடைக்கிறது. ரிப்பேருக்கு ஒரு ரூபாய் ஆனாலும் ஒரு லட்சம் ஆனாலும் அதே 30தான். சொத்து வரியை நீங்கள் கட்டியிருந்தால் அது தனியாகக் கழியும்.

தாம்பரம்: குழாய் வாஷர் 180 ரூபாய் என் கணக்கில் வந்திருக்கிறது. சட்டப்படி ரிப்பேர் எல்லாமே வாடகைக்காரர் தலையில்தானே?

பாதி சரி. 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி வாஷர், குழாய், சுவிட்ச், கீசர் ரிப்பேர் அவருடையது. பைப் லைன் மாற்றுவதும், ஒயரிங்கும், வெள்ளையடிப்பும் உங்களுடையது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும்.

போரூர் வாடகைக்காரர்: அப்போ காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது என்ன நியாயம்?

தாம்பரம்: ஊர் வழக்கம்தானே சார், எல்லாரும் பிடிக்கிறார்கள்.

வழக்கம் என்பதால் மட்டும் பிடிக்க முடியாது. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். வரி இருந்தாலும் ஐந்து வருஷம் இருந்தவருக்கும் ஒரு வருஷம் இருந்தவருக்கும் ஒரே தொகை என்பது எனக்கு ஒப்பவில்லை. மற்றவர்களுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

போரூர்: ஆணி அடித்த ஓட்டைக்கு 2,000 கேட்டார்கள்…

அதற்குத் தனியாக எழுதுங்கள். இங்கே மாதக் கணக்கைப் பேசுவோம்.

பெரம்பூர்: ‘வரவிருக்கும் வேலைகள்’ என்ற பகுதி எப்போதும் காலியாகவே வருகிறது மேடம்.

சார் என்றே கூப்பிடலாம். செப்டம்பர் அறிக்கையில் அது காலியாக வரக் கூடாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. அதற்குள் மொட்டைமாடியில் மழைநீர் இறங்கும் வாயைச் சுத்தம் செய்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஓடுகளின் இடுக்கில் விரிசல் இருந்தால் காய்ந்த நாளில்தான் அடைக்க முடியும். மழை வந்த பிறகு ‘ஒழுகல் ரிப்பேர்’ என்று வரும் பில் பெரும்பாலும் தற்காலிகப் பூச்சுதான். அக்டோபரில் அரையாண்டுச் சொத்து வரியும் தொடங்குகிறது, அதையும் எழுதச் சொல்லுங்கள்.

மயிலாப்பூர்: அட்வான்ஸை மேனேஜர் வரவில்…

வேளச்சேரிக்குச் சொன்னதேதான்.

நங்கநல்லூர் அம்மா: வீடு துபாயில் இருக்கும் மகன் பெயரில். வாடகை 40,000. ஐம்பதாயிரத்துக்குக் கீழே என்பதால் டிடிஎஸ் இல்லை என்கிறார் வாடகைக்காரர்.

அந்த 50,000 வரம்பு உரிமையாளர் இந்தியாவில் வசித்தால்தான் அம்மா. என்ஆர்ஐ உரிமையாளருக்கு அந்த வரம்பே கிடையாது, வாடகைக்காரர் பிடித்துத்தான் கட்ட வேண்டும். விகிதமும் படிவமும் ஆடிட்டரிடம் கேளுங்கள். அறிக்கையில் மட்டும் முழு வாடகை, பிடித்த வரி, கைக்கு வந்தது என்று மூன்று வரியாக வரட்டும். வந்ததை மட்டும் எழுதினால் பிடித்த வரி அரசுக்குப் போனதா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.