ரிசெப்டர் அட்டவணையில் "கண்" என்று ஒரு வரி போட்டால் போதாது

கேள்வி: "ஆட்டோனமிக் ஃபார்மகாலஜி நோட்ஸ் சிதறிக் கிடக்கிறது. எந்த ரிசெப்டர் எங்கே இருக்கிறது, என்ன செய்யும், எது தூண்டும், எது தடுக்கும் என்று ஒரே அட்டவணையில் எப்படிக் கொண்டுவருவது? மூன்று தடவை போட்டும் மனதில் நிற்கவில்லை."

மூன்று தடவையும் மருந்துப் பெயரிலிருந்துதான் ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாடம் அந்த வரிசையில்தான் நடக்கிறது. முதலில் கோலினெர்ஜிக் மருந்துகள், பிறகு அதைத் தடுப்பவை, அப்புறம் அட்ரினெர்ஜிக், கடைசியில் ஆல்பா பீட்டா பிளாக்கர்கள். அதே வரிசையைக் கட்டம் கட்டி எழுதினால் பாடத்தின் சுருக்கம்தான் கிடைக்கும். நானும் அதைத்தான் செய்தேன், அதோடு வைவாவுக்கும் போனேன்.

இரண்டாம் வருடம். என் அட்டவணை அழகாக இருந்தது, ரிசெப்டருக்கு ஒரு வரி. பீட்டா-1 வரியில் இடம் என்ற கட்டத்தில் "இதயம்", வேலை என்ற கட்டத்தில் "துடிப்பு கூடும்", தூண்டுவதில் நோர்அட்ரினலினும் டோபுடமினும், தடுப்பதில் மெட்டோப்ரோலால். மேடம் முதல் கேள்வியே கேட்டார்: "நோர்அட்ரினலினை டிரிப்பில் ஏற்றுகிறீர்கள். நாடித்துடிப்பு என்ன ஆகும்?"

"கூடும் மேடம்."

"ரத்த அழுத்தம்?"

"அதுவும் கூடும்."

"அழுத்தம் கூடினால் கழுத்தில் இருக்கிற கரோட்டிட் சைனஸ் சும்மா இருக்குமா?"

நான் பேசாமல் நின்றேன். அட்டவணையில் எழுதியிருந்தது எதுவும் தப்பில்லை, ஆனால் என் பதில் தப்பு. அதுதான் என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

நடப்பது இதுதான். நோர்அட்ரினலின் ரத்தக்குழாய்களின் ஆல்பா-1ஐப் பிடித்து அவற்றைச் சுருக்குகிறது. தசைகளுக்குப் போகும் ரத்தக்குழாய்களை விரிக்கக்கூடியது பீட்டா-2, அதன்மேல் நோர்அட்ரினலினுக்குப் பிடிப்பு மிகக் குறைவு. அதனால் சுருக்கத்தை ஈடுகட்ட ஆளில்லை, அழுத்தம் ஏறுகிறது. கரோட்டிட் சைனஸிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணர்முனைகள் அதைக் கண்டு மூளைத்தண்டுக்குச் சொல்ல, வேகஸ் நரம்பு முடுக்கிவிடப்படுகிறது. அதன் அசிட்டைல்கோலின் எஸ்ஏ நோடில் உள்ள எம்-2வில் உட்கார்ந்து துடிப்பைக் குறைக்கிறது. அதே எஸ்ஏ நோடில் பீட்டா-1 "கூட்டு" என்கிறது, எம்-2 "குறை" என்கிறது. உயிருள்ள உடம்பில் பெரும்பாலும் எம்-2 ஜெயிக்கிறது. முன்பே அட்ரோபின் கொடுத்து எம்-2வை மூடிவிட்டால், பீட்டா-1இன் சொந்த வேலை வெளியே தெரியும். அப்போது துடிப்பு கூடும்.

ஆகவே நீங்கள் சொன்ன நான்கு கட்டங்களோடு ஐந்தாவதாக ஒன்று வேண்டும்: "உடம்பு பதிலுக்கு என்ன செய்யும்". எல்லா வரிக்கும் இது நிரம்பாது. ரத்தக்குழாய் வரிகளுக்கு நிரப்பினாலே போதும். ஃபினைல்எஃப்ரினுக்குப் பீட்டா வேலை கிட்டத்தட்ட இல்லவே இல்லை, இதயத்தை நேரடியாகத் தொடுவதில்லை. ஆனாலும் அதைக் கொடுத்தால் துடிப்பு குறைகிறது. ஐந்தாவது கட்டம் இல்லாமல் இதை எந்த வரியில் எழுதுவீர்கள்?

இதற்கு நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வைவாவின் மார்க்கைப் பெயரோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். கேள்விக்கு இதில் சம்பந்தம் இல்லை, தெரியும். தெரியாததைக் கற்றுக்கொள்ளத்தான் ஒருவர் வருகிறார். அவருக்குத் தெரியவில்லை என்பதை ஊருக்கு ஒட்டிக் காட்டி யாருக்கு என்ன லாபம்? ஒரு வாரம் அந்தப் பக்கமே நான் நடக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் அட்டவணையின் இன்னொரு கோளாறு "இடம்" என்ற கட்டம். உறுப்பின் பெயரை எழுதியிருந்தேன். உறுப்பை எழுதக்கூடாது, உறுப்புக்குள் இருக்கிற தசையை அல்லது திசுவை எழுத வேண்டும். ஒரு ரிசெப்டரும் ஒரு திசுவும் சேர்ந்தது ஒரு வரி. கண்ணை எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும். என் திருத்திய நோட்டில் கண் இப்படி இருந்தது:

ஆல்பா-1 | ஐரிஸில் ஆரக்கால் போல் ஓடும் தசை | சுருங்கும், கண்மணி விரியும் | தூண்டுவது ஃபினைல்எஃப்ரின் | தடுப்பது டாம்சுலோசின்

எம்-3 | ஐரிஸின் வட்டத்தசை | சுருங்கும், கண்மணி சிறுக்கும் | தூண்டுவது பைலோகார்பின் | தடுப்பது அட்ரோபின், ட்ரோபிகமைடு

எம்-3 | சிலியரி தசை | சுருங்கும், லென்ஸ் உப்பிக் கிட்டத்தில் இருப்பது தெளியும் | தூண்டுவது பைலோகார்பின் | தடுப்பது அட்ரோபின்

பீட்டா-2 | சிலியரி எபிதீலியம் | கண்ணுக்குள் நீர் சுரப்பது கூடும் | தடுப்பது டிமோலால்

இப்போது இரண்டு பேருக்குக் கண்மணி விரிந்திருக்கிறது என்று வையுங்கள். ஒருவருக்கு ஃபினைல்எஃப்ரின் சொட்டு, இன்னொருவருக்கு அட்ரோபின் சொட்டு. யாருக்கு எந்தச் சொட்டு என்று எழுதி வைக்காமலே எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டாவது, மூன்றாவது வரிகளைப் பாருங்கள். ஃபினைல்எஃப்ரின் போட்டவருக்கு வட்டத்தசையும் சிலியரி தசையும் அப்படியே இருக்கின்றன. பலமான வெளிச்சம் அடித்தால் கண்மணி ஓரளவு சுருங்கும், கையில் இருக்கிற எழுத்தையும் படிக்க முடியும். அட்ரோபின் போட்டவருக்கு இரண்டு தசையும் செயலிழந்திருக்கும். வெளிச்சத்துக்குக் கண்மணி அசையாது, கிட்டத்து எழுத்து மங்கும். "கண்: எம்-3: கண்மணி சிறுக்கும்" என்று ஒரே வரியாக எழுதியிருந்தால் இந்த மங்கல் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

முதல் வரியில் டாம்சுலோசினை வேண்டுமென்றேதான் எழுதினேன். அதைக் கண்ணுக்காக யாரும் கொடுப்பதில்லை. ப்ராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தடைப்படுபவர்களுக்குக் கொடுக்கிறார்கள், அங்கே இருக்கிற மழமழப்புத் தசையின் ஆல்பா-1ஐத் தடுக்க. அதே ஆல்பா-1 ஐரிஸிலும் இருப்பதால், அந்த மாத்திரை எடுப்பவருக்குக் கண்புரை ஆபரேஷன் செய்யும்போது ஐரிஸ் தொளதொளவென்று ஆடும், கண்மணி விரிந்து நிற்காமல் சுருங்கிவரும். ஆபரேஷனுக்கு முன் மாத்திரைப் பட்டியலைக் கேட்பது இதற்கும் சேர்த்துத்தான். மருந்தை ஒரு வரியில் மட்டும் எழுதி நிறுத்தாமல், அந்த ரிசெப்டர் வருகிற எல்லா வரியிலும் எழுதினால் பக்கவிளைவுகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எழுதும்போது கை வலிக்கும்தான்.

அடுத்து, அட்டவணைக்குள் வரக்கூடாத மருந்துகள். "தூண்டுவது" கட்டத்தில் நான் பைசோஸ்டிக்மினையும் கொக்கெய்னையும் எழுதி வைத்திருந்தேன். இவை ரிசெப்டரைத் தூண்டுவதில்லை. பைசோஸ்டிக்மின் அசிட்டைல்கோலினை உடைக்கிற என்சைமைத் தடுக்கிறது. கொக்கெய்ன், நரம்பு முனை நோர்அட்ரினலினைத் திரும்ப உறிஞ்சுவதைத் தடுக்கிறது. இரண்டுமே நரம்பு ஏற்கெனவே விடுகிற பொருளைத் தேங்க வைக்கின்றன, அவ்வளவுதான். எந்த மருந்தை எங்கே எழுதுவது என்று குழம்பினால் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த இடத்துக்கு வரும் நரம்பு அறுந்து அதன் முனையும் அழிந்துவிட்டால், இந்த மருந்து இன்னும் வேலை செய்யுமா? அப்படிப்பட்ட கண்ணில் பைலோகார்பின் கண்மணியைச் சிறுக்க வைக்கும், பைசோஸ்டிக்மின் வைக்காது. முதலாவது அட்டவணைக்குள் போகட்டும். இரண்டாவதை அட்டவணைக்குக் கீழே தனிப் பட்டையில் எழுதி, அது எந்த நரம்பின் பொருளைக் கூட்டுகிறது என்று மட்டும் குறியுங்கள். நியோஸ்டிக்மினுக்கு எலும்புத்தசையில் கொஞ்சம் நேரடி வேலையும் உண்டு என்று யாராவது கீழே எழுதுவார்கள். உண்மைதான், அதனால்தான் உதாரணத்துக்கு அதை எடுக்கவில்லை.

நினைவுச்சுருக்கம் போதும், இவ்வளவு எதற்கு என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சிலருக்கு அதுவே நிற்கிறது. எனக்கு நிற்கவில்லை. இன்னொன்று, ரிசெப்டர்கள் தேர்ந்து பிடிக்கப்படுவது டோஸைப் பொறுத்தது. மெட்டோப்ரோலாலும் டோஸ் ஏறினால் பீட்டா-2வைத் தொடும். அட்டவணை படிப்பதற்கு, மருந்துச்சீட்டு எழுதுவதற்கு இல்லை.

போட்டு முடித்த அட்டவணை சரியா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி டேல் 1906இல் எழுதிய விஷயம் அது. அட்ரினலின் ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஆனால் எர்காட் என்ற பூஞ்சையின் சாரத்தைக் கொடுத்த விலங்குக்கு அதே அட்ரினலினை ஏற்றினால் அழுத்தம் இறங்கியது. ஆல்பா, பீட்டா என்ற பெயர்களே அப்போது கிடையாது, ஆல்குவிஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் அவற்றை வைத்தது 1948இல். உங்கள் அட்டவணையில் மருந்துக் கட்டங்களை ஒரு தாளால் மூடிவிட்டு, ரத்தக்குழாய் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்கிப் பாருங்கள். எர்காட் ஆல்பா-1 வரியைத் தடுத்து மூடிவிட்டது, தசை ரத்தக்குழாயின் பீட்டா-2 வரி மட்டும் திறந்திருக்கிறது, குழாய் விரிகிறது. பிறகு அதையே திருப்புங்கள்: பீட்டாக்களைத் தடுக்கும் ப்ரொப்ரானலால் கொடுத்த பிறகு அட்ரினலின். இப்போது ஆல்பா-1 மட்டும் மிச்சம், அழுத்தம் நன்றாக ஏறும். ஐந்தாவது கட்டத்தை நிரப்பியிருந்தால் துடிப்பு குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்வீர்கள்.

மறுபடி வைத்த வைவாவில் எனக்கு வந்தது அதுதான், எர்காட்டுக்குப் பதில் ஆல்பாவைத் தடுக்கும் ஃபென்டோலமின். தாளில் இரண்டு கோடு போட்டேன், ஒன்று மேலே ஏறியது, ஒன்று கீழே இறங்கியது. ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் எந்த வரி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று எழுதினேன். மேடம் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போனார்.