மன்னிப்பு மெசேஜில் அந்த ஒரு வரி வேண்டாம்

கேள்வி: பெங்களூரு மடிவாளாவில் இருக்கிறேன். ஒரு கல்யாண போட்டோவில் மணப்பெண் முகத்தை எடுத்துவிட்டு என் தோழியின் முகத்தை வைத்து, அவளைக் கேட்காமல் இன்ஸ்டாவில் போட்டேன். மாப்பிள்ளை முகம் எங்கள் இன்னொரு நண்பனுடையது. அவளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள், அந்த வீட்டார் பார்த்துவிட்டார்கள். ஆறு வருட நட்பு சார், விளையாட்டுக்குச் செய்ததற்கு அவள் அண்ணன் என்னை என்னென்னவோ பேசுகிறார். இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "வரன் வீட்டார் பார்த்தால் பிரச்சினை வரும் என்று தெரிந்தும் ஜாலிக்காகப் போட்டேன், இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை, மன்னித்துவிடு." அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். ஆறு வருட நட்பு, அண்ணன் பேசிய பேச்சு எல்லாம் ஒரு ஓரமாக இருக்கட்டும். "தெரிந்தும்" என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்., பிரிவு 356 சொல்லும் அவதூறுக்குப் படம் போட்டது மட்டும் போதாது, அவர் பெயர் கெடும் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ போட்டிருக்க வேண்டும். இந்தப் படம் அவதூறு ஆகுமா என்றே வாதாட இடம் இருக்கிறது, ஆனால் எதிர்த்தரப்பு பாடுபட்டு நிரூபிக்க வேண்டியதை நீங்களே எழுதிக் கையில் கொடுக்கிறீர்கள். மேலே "சட்ட உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு சிவில் வழக்குக்கு மட்டும்தான், கிரிமினல் கோர்ட்டில் அது செல்லாது.

நான் பார்த்த வரைக்கும் மாட்டிக்கொள்பவர்கள் படத்தால் மாட்டுவதைவிட அதற்கு அப்புறம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுதும் விளக்கத்தால்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ஏன் செய்தேன், எந்த மனநிலையில் இருந்தேன் என்று ஒரு வார்த்தையும் வேண்டாம். இவ்வளவு போதும்: "உன்னைக் கேட்காமல் உன் முகத்தை மாற்றி வைத்துப் படம் போட்டது என் தவறு. அது போலிப் படம், எடுத்துவிட்டேன். நீ சொன்னால் இரண்டு வீட்டாரிடமும் நானே வந்து அது போலி என்று சொல்கிறேன்." படத்தை முதலில் நிஜமாகவே எடுத்துவிட்டு இதை அனுப்புங்கள். கடைசி வரிதான் அந்தப் பெண்ணுக்கு உபயோகம், உங்கள் வருத்தத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

ஒரே ஒரு தடவை, அவருக்கு மட்டும். குரூப்பில் போட்டால் படத்தைப் பார்க்காதவர்களும் தேடிப் பார்ப்பார்கள். "இனி மெசேஜ் பண்ணாதே" என்று சொல்லிவிட்டாலோ பிளாக் செய்துவிட்டாலோ வேறு நம்பரிலிருந்து முயற்சி செய்யாதீர்கள். ஒரு பெண் வேண்டாம் என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால் பி.என்.எஸ். பிரிவு 78 வரும், முதல் தடவைக்கே மூன்று வருடம் வரை. மன்னிப்பு கேட்கப் போய் அந்தப் பிரிவில் நிற்பதைப்போல் அசட்டுத்தனம் வேறு இல்லை.

அண்ணனிடம் நியாயம் பேசுவதை விடுங்கள். இரண்டு வீட்டுக்கும் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அவரை வைத்து இந்த வாரமே பேசி முடியுங்கள். அவதூறு மட்டும் என்றால் பின்னாலும் சமரசம் செய்யலாம். சைபர் குற்றங்களைப் பார்க்கும் சி.இ.என். போலீஸ் ஸ்டேஷனில் புகாராகி ஐ.டி. சட்டப் பிரிவு ஏதாவது சேர்ந்துவிட்டால், பெண்ணுக்கு எதிரான குற்றத்தில் சமரசத்துக்கு அந்தச் சட்டத்தின் பிரிவு 77ஏ இடம் தராது. அப்புறம் அவரே மன்னித்தாலும், எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யச் சொல்லி நீங்கள் ஹைகோர்ட் படி ஏற வேண்டும்.