14 பேர், 3 நிமிடம்: சீட்டாட்டக் கழக நன்றியுரையில் பெயர் விடுபடாமல் இருக்க

கேள்வி: எங்கள் பகுதிச் சீட்டாட்டக் கழகத்தின் ஆண்டுப் போட்டி முடிந்துவிட்டது. பரிசளிப்பு மாலையில் தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு 3 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். 14 பேர் உழைத்தார்கள். போன வருடம் பேசியவர் இரண்டு பெயரை விட்டுவிட்டார், அந்த இருவரும் இந்த வருடம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, மதிப்பெண் குறித்தவரே இந்த முறை இரண்டாம் பரிசு வாங்குகிறார். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது?

பதில்: பேச்சை எழுத உட்காராதீர்கள். முதலில் பெயர்ப் பட்டியலைச் சரிபாருங்கள். உங்களிடம் இருக்கும் 14 என்ற எண்ணிக்கையையே நான் நம்பவில்லை. அது கமிட்டி கொடுத்த பட்டியலாக இருந்தால் அதில் செயலாளர், பொருளாளர், துணைத் தலைவர் எல்லாரும் இருப்பார்கள். நாற்காலி தூக்கியவர் இருக்கமாட்டார். எந்தக் கமிட்டியும் தன்னை நினைவில் வைத்துக்கொள்வதில் குறை வைத்ததில்லை.

பதவியை விட்டுவிட்டு வேலையைப் பிடித்துக்கொண்டு போங்கள். போட்டி நாளன்று கதவு திறந்ததிலிருந்து பூட்டியது வரை மனதுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். மேஜை போட்டது யார், மேஜை எண் அட்டைகளை வைத்தது யார், வந்தவர்கள் பெயரைப் பதிந்தது யார், யாரோடு யார் மோதுவது என்று குலுக்கிப் போட்டது யார், சுற்று முடிந்ததும் மணி அடித்தது யார், மதிப்பெண் தாள்களைப் பொறுக்கி வந்தது யார், தகராறு வந்தபோது எழுந்து வந்து தீர்த்தது யார், கடைசியில் கட்டுகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கியது யார். ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் எழுதுங்கள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு, அன்றைக்கு அங்கே இருந்த இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

இப்படிப் போகும்போது வழக்கமாக விடுபடுகிற ஒரு ஜோடி கையில் சிக்கும். எங்கள் கழகத்தில் ஒரு வருடம் 31 ஜோடிகள் பதிந்திருந்தார்கள். மேஜைக்கு இரண்டு ஜோடி என்றால் 15 மேஜை நிறைந்து ஒரு ஜோடி மிஞ்சும். ஒவ்வொரு சுற்றிலும் யாராவது ஒரு ஜோடி சும்மா உட்கார வேண்டும். அது நடக்காமல் இருக்க, உதவிக்கு வந்த இருவர் 32-ஆவது ஜோடியாக உட்கார்ந்து நாள் முழுக்க ஆடினார்கள். அவர்களுக்குப் பரிசு கிடையாது, தரவரிசையில் இடமும் கிடையாது, எழுந்து போகவும் முடியாது. நன்றியுரையில் அவர்கள் பெயர் வரவில்லை. ஏன் என்று பிறகு யோசித்தேன். பார்க்கிறவர் கண்ணுக்கு அவர்கள் தோற்றுப்போன ஆட்டக்காரர்கள் மாதிரிதான் தெரிந்தார்கள். உங்கள் போட்டியில் ஒற்றைப்படை வந்ததா என்று பதிவேட்டைப் பாருங்கள். வந்திருந்தால் உங்கள் 14, 16 ஆகிவிடும்.

இனி நேரக் கணக்கு. ஒரு பெயரைச் சொல்லி, அரங்கம் அவர் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்க 4 நொடி வையுங்கள். 16 பேருக்கு 64 நொடி. 180 நொடியில் மிச்சம் 2 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் மூன்று வேலைகளை மட்டும் கிட்டத்தில் காட்டலாம். 16 பேரைப் பற்றியும் ஆளுக்கொரு புகழுரை பாட இடமே இல்லை. பெயர்களை வேலைவாரியாகக் கொத்தாகச் சொல்லுங்கள். அப்போது முதலில் யார், கடைசியில் யார் என்ற வம்பு பாதி அடங்கிவிடும்.

கிட்டத்தில் காட்டுவது என்றால் என்ன? ‘அயராது உழைத்தார்’ என்றால் எல்லாருக்கும் பொருந்தும், அதனால் யாருக்கும் பொருந்தாது. எங்கள் 16 மேஜைக்கு மேஜைக்கு 2 கட்டு வீதம் 32 கட்டு. ஒரு பெண்மணி முந்தின இரவு உட்கார்ந்து ஜோக்கரை எடுத்துவிட்டு ஒவ்வொரு கட்டையும் எண்ணினார். மொத்தம் 1,664 சீட்டு இருக்க வேண்டும். ஒரு கட்டில் மட்டும் 51 இருந்தது. அது மேஜைக்குப் போயிருந்தால் ஆட்டம் பாதியில் நின்று அந்தச் சுற்றையே ரத்து செய்திருக்க வேண்டும். இதைச் சொல்ல 20 நொடிதான் ஆகும், ஆனால் கேட்ட ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் வயிற்றில் சில்லென்றிருக்கும். சீட்டாடுகிறவர்களுக்கு 51 என்ற எண் போதும், விளக்கம் தேவையில்லை.

உங்கள் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கலாம். பெயர்களையும் விவரங்களையும் உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள்:

“எல்லாருக்கும் வணக்கம். கோப்பை வாங்கப்போகிறவர்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறீர்கள், அதனால் மூன்றே நிமிடம். நாம் வந்து உட்காரும்போது மேஜை தயாராக இருந்தது. அதற்குக் காலை 6 மணிக்கே வந்தவர்கள் இவர்கள் நான்கு பேர்... நம் கைக்கு வந்த ஒவ்வொரு கட்டையும் முந்தின இரவு எண்ணியவர் இவர். ஒன்றில் 51 சீட்டுதான் இருந்தது. அது யார் மேஜைக்கு வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சுற்றுக்குச் சுற்று தாள்களை வாங்கிக் கூட்டி, சுவரில் ஒட்டிய மூவர்... தனக்குப் பரிசில்லை என்று தெரிந்தே நம் எதிரே உட்கார்ந்து நாள் முழுக்க ஆடிய ஜோடி இவர்கள். இவர்களால்தான் யாரும் சும்மா உட்கார நேரவில்லை... எல்லாரும் கிளம்பிய பிறகு கட்டுகளை மறுபடி எண்ணி, கதவைப் பூட்டியவர்கள் இவர்கள்... 16 பேரும் கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். நன்றி.”

அவ்வளவுதான். ‘யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும்’ என்ற வாக்கியம் இதில் இல்லை, கவனித்தீர்களா? பட்டியலைச் சரிபார்க்கச் சோம்பல்பட்டவர்கள் கண்டுபிடித்த வாக்கியம் அது. கேட்டதும் எல்லாரும் யார் விடுபட்டது என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதேபோல ‘இவர்தான் எங்கள் துருப்புச் சீட்டு’ என்பதும் வேண்டாம், சீட்டாட்டக் கழகத்தில் அதைக் கேட்காத காது கிடையாது. உதவிக்கு வந்தவரை ஜோக்கர் என்று செல்லமாகச் சொல்லிவிட்டுப் பிறகு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த மதிப்பெண்காரர். ஒவ்வொருவர் வேலையையும் விவரமாகச் சொல்லுங்கள் என்றேன், அதற்கு இவர் விதிவிலக்கு. கணக்கு எழுதியவரே பரிசு வாங்கினால் அரங்கத்தில் நாலு பேராவது புருவத்தை உயர்த்துவார்கள். அதை நீங்கள் வாயால் அடக்கப் பார்த்தால் மோசமாகிவிடும். ‘இவரது நேர்மை நமக்கெல்லாம் தெரியும்’ என்று சொன்ன மறு நொடி, அதுவரை சந்தேகப்படாதவரும் சந்தேகப்படுவார். ‘தானே குறித்துத் தானே ஜெயித்தார்’ என்ற வேடிக்கைப் பேச்சு அதைவிடக் கெடுதல்.

நடந்ததை மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொரு மேஜையிலும் இரண்டு ஜோடியும் தாளில் கையெழுத்துப் போட்டார்களா? கூட்டுத்தொகையை இன்னொருவர் சரிபார்த்தாரா? சுற்றுக்குப் பின் சுவரில் ஒட்டினார்களா? இவை நடந்திருந்தால், மதிப்பெண் வேலையை ஒரு குழுவின் வேலையாகச் சொல்லி, அவர் பெயரை நடுவில் வையுங்கள். மேலே உள்ள மாதிரியில் ‘சுவரில் ஒட்டிய’ என்ற இரண்டு சொல் அதற்காகத்தான் இருக்கிறது. அவர் ஒருவரே எழுதி ஒருவரே கூட்டியிருந்தால், மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவே வேண்டாம். மேஜை எடுத்து வைத்ததுபோல அவர் செய்த வேறு வேலைக்கு நன்றி சொல்லுங்கள். அன்று அவரோடு ஜோடி சேர்ந்து ஆடியவருக்கும் இதே கதைதான். ஒருவேளை அந்த ஜோடி நீங்களாகவே இருந்தால், மதிப்பெண் பகுதியை மட்டும் வேறொருவரைச் சொல்லச் சொல்லுங்கள். மதிப்பெண்காரருக்கு நன்றி சொன்ன கையோடு அவரைப் பரிசுக்கு அழைக்க வேண்டாம் என்று அறிவிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், நடுவே வேறு இரண்டு பரிசாவது போகட்டும்.

அறிவிப்பாளர் என்றதும் வயிறு எரிகிறது. வெளியிலிருந்து தொகுப்பாளரைக் கூட்டி வந்திருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் 3 நிமிடம் அவர் கையில் இருக்கிறது. உங்களை அறிமுகப்படுத்தவே அதில் பாதியைத் தின்றுவிட்டு, மேடை ஏறும்போது ‘சுருக்கமா முடிச்சிடுங்க’ என்று காதில் சொல்வார். உங்களைப் பற்றி ஒரே வரி எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். நன்றியுரையைக் கடைசியில் வைப்பார்கள், அதற்கும் இடம் கொடுக்காதீர்கள். பெரிய கோப்பை கைமாறிய பிறகு அரங்கத்தில் நாற்காலிகள்தான் உங்கள் பேச்சைக் கேட்கும். சின்னப் பரிசுகள் முடிந்து, பெரிய கோப்பைக்கு முன்னால் உங்களுக்கு இடம் கேட்டு வாங்குங்கள். ‘நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது’ என்பார்கள். ஆகட்டும், அச்சான தாளை யாரும் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பதில்லை.

இவர்களையும் மிஞ்சுகிறவர் நினைவுப் பரிசு பிடித்துத் தருகிறேன் என்று வரும் ஆள். கமிட்டியில் யாருக்காவது தெரிந்தவராக இருப்பார். ‘வெறும் பேச்சா சார், எல்லாருக்கும் பெயர் பொறித்த கேடயம் போட்டுடலாம்’ என்பார். பெயர்ப் பட்டியலைப் போட்டிக்கு முன்பே வாங்கிக்கொள்வார். போட்டியன்று காலையில் கையில் கிடைத்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு உதவிக்கு வந்தவர் பெயர் அதில் எப்படி இருக்கும்? எங்களுக்கு ஒருமுறை வந்த பெட்டியில் மூன்று கேடயங்களில் பெயர் தவறு, ஒன்றில் பெயரே இல்லை. மேடையில் பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. அவரோ ‘நீங்கள் கொடுத்த பட்டியல்படிதான்’ என்று கையை விரித்துவிட்டார். கேடயம் கொடுத்தே தீருவது என்றால் கழகத்தின் பெயரும் வருடமும் மட்டும் போதும். காசு கொடுத்தால் பேச்சு எழுதித் தருகிறேன் என்று வருகிறவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் கட்டில் 51 சீட்டு இருந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தலைமை, முன்னிலை, சிறப்பு விருந்தினர் என்று ‘அவர்களே’ போட்டு அழைக்கும் வரிசை உங்கள் வேலை அல்ல, முன்னால் பேசியவர்களே போதுமான அளவு அழைத்திருப்பார்கள். உங்கள் பேச்சை முன்கூட்டி எழுதிக் காட்டச் சொல்லிக் கமிட்டி கேட்டால், பெயர்ப் பட்டியலை மட்டும் காட்டுங்கள். முழுப் பேச்சையும் காட்டினால் ஆளுக்கொரு வரி சேர்த்து, பத்து நிமிடமாக்கித் திருப்பித் தருவார்கள்.

மேடைப் பயத்துக்கு ஒரே ஒரு உபாயம்: பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில், வேலைவாரியாக, வரிக்கு ஒரு பெயராக எழுதி, சொல்லச் சொல்லக் கட்டைவிரலைக் கீழே நகர்த்திக்கொண்டே போங்கள். முந்தின நாள் கடிகாரம் வைத்து இரண்டு முறை சத்தமாகப் படியுங்கள். 3 நிமிடத்தைத் தாண்டினால் ஒரு வர்ணனையை வெட்டுங்கள், பெயரில் கை வைக்காதீர்கள். அரங்கத்தில் எழுந்து நிற்கிறவர்களை மேடையிலிருந்து எண்ணுங்கள். 16 சொல்லி 15 பேர் நின்றால் ஒருவர் வரவில்லை என்று அர்த்தம். 17 பேர் நின்றால், உட்காரச் சொல்வதற்குள் அவர் பெயரைக் கேட்டு ஒலிபெருக்கியில் சொல்லிவிடுங்கள்.